உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை: தொலைபேசிக் குரல் அமுங்கிய கதை

ஃபோனில் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்பவர்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒருவர் "சத்தமே இல்லப்பா" என்பார். இன்னொருவர் "சத்தமெல்லாம் வருது, ஆனா என்ன சொல்றான்னுதான் புரியல, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்பார். இரண்டும் ஒரே குறை போலத் தெரியும். இரண்டுக்கும் நாம் செய்கிற வைத்தியமும் ஒன்றுதான்: வால்யூம் பட்டனை மேலே அழுத்துவது. முதல் ஆளுக்கு அது பலிக்கும். இரண்டாவது ஆளுக்குப் பலிக்காது. சில சமயம் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த இரண்டு குறைகளும் வேறு வேறு என்று கண்டுபிடிக்கத் தொலைபேசிப் பொறியாளர்களுக்கே சுமார் ஐம்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதையைச் சில மாதங்களாகத் துண்டுதுண்டாக வாசித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதைக் கோர்த்து எழுதுவதுதான் இந்தக் கட்டுரை. டெசிபல் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பதும் இதற்குள்ளேயே வரும்.

சத்தம் மட்டுமே கவலையாக இருந்த காலம்

1876இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காட்டிய கருவியில் மின்சாரத்தைத் தயாரித்ததே பேசுகிறவரின் குரல்தான். குரல் பட்டு ஒரு தகடு அதிரும். காந்தத்தின் பக்கத்தில் அது அசைவதால் கம்பியில் சிறு மின்னோட்டம் உண்டாகும். மறுமுனையில் அதே மாதிரி இன்னொரு தகடு அந்த மின்னோட்டத்தால் அதிர்ந்து குரலைத் திருப்பித் தரும். நாம் சாதாரணமாகப் பேசும்போது வாயிலிருந்து வெளியேறும் ஒலியின் மொத்தத் திறனே சுமார் 10 மைக்ரோவாட்தான். ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அதில் ஒரு சிறு பகுதி மின்சாரமாகி, கம்பியில் தேய்ந்து, மீதி இருப்பதுதான் மறுமுனைக் காதுக்கு. நகரத்தைத் தாண்டினால் குரல் மறைந்துவிடும்.

இதற்கு எடிசன் 1877–78 வாக்கில் ஒரு வழி கண்டார். கரியை அழுத்தினால் அதன் மின்தடை குறையும், விட்டால் கூடும். குரலின் அழுத்தம் கரியின் மீது படும்படி வைத்து, அதன் வழியே பேட்டரி மின்சாரத்தை ஓடவிட்டால், குரலின் வேலை மின்சாரத்தை உண்டாக்குவது இல்லை, கட்டுப்படுத்துவது மட்டும்தான் என்றாகிவிடுகிறது. குழாயைத் திறந்து மூடுகிற கைக்குத் தண்ணீரைத் தள்ளும் பலம் தேவையில்லை அல்லவா, அதுபோல. பேசினதைவிடப் பெரிய சக்தி கம்பியில் போக ஆரம்பித்தது. பின்னால் கரிக்கட்டிக்குப் பதிலாகக் கரித்துகள்கள் வந்தன. அந்த ஏற்பாடு அடுத்த நூறு ஆண்டு நீடித்தது. நம் வீடுகளில் இருந்த கனமான கறுப்பு ஃபோன்களின் வாய்ப்பக்கத்திலும் இதே கரித்துகள்தான். குரல் மங்கினால் ரிசீவரை மேஜையில் ரெண்டு தட்டு தட்டுவோமே, அது வெறும் கோபம் இல்லை. ஒட்டிக்கொண்ட துகள்கள் அதில் நிஜமாகவே பிரியும்.

கேட்கும் பக்கத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ரிசீவரில் இருந்தது ஒரு மெல்லிய இரும்புத் தகடு. எந்தத் தகட்டுக்கும் தனக்கென்று ஒரு இயல்பான அதிர்வு இருக்கும். இந்தத் தகடுகளுக்கு அது சுமார் 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஆயிரம் அதிர்வு. அந்த இடத்தில் தகடு அள்ளிக்கொண்டு பாடும்; அதற்கு மேலே போகப் போக வேகமாகச் சுணங்கிவிடும். பொறியாளர்களுக்கு இது தெரியும். ஆனால் சத்தம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், ஒரு இடத்திலாவது தகடு சத்தமாக ஒலிக்கிறதே என்று அதை வரமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பழைய படங்களில் ஃபோன் குரல் என்றாலே மூக்கால் பேசுவது போல வரும் அந்த ஓசைக்கு இந்த இரும்புத் தகடு ஒரு முக்கியக் காரணம்.

மைலால் அளந்த சத்தம்

ஒரு ஃபோன் இணைப்பு நல்லதா கெட்டதா என்று எப்படி அளப்பது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர்களிடம் இருந்த அளவுகோல் வேடிக்கையானது. "ஸ்டாண்டர்ட் கேபிள்" என்று ஒரு குறிப்பிட்ட தடிமனுள்ள கம்பியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். சோதிக்க வேண்டிய இணைப்பில் ஒருவர் பேசுவார். பிறகு அதே ஆள் அந்த ஸ்டாண்டர்ட் கேபிள் வழியாகப் பேசுவார். கேட்பவர் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒரே சத்தமாகத் தோன்றும் வரை கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். இருபது மைல் கேபிளில் சமமாகிவிட்டால், அந்த இணைப்பின் இழப்பு "இருபது மைல்". அவ்வளவுதான் கணக்கு.

இந்த அளவுகோலில் ஒரு ஓட்டை இருந்தது. கேபிள் எல்லா ஓசையையும் ஒரே மாதிரி தேய்ப்பதில்லை. அலைவெண் நாலு மடங்கு கூடினால், டெசிபலில் சொல்கிற இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இருபது மைல் கேபிளில் 800 ஹெர்ட்ஸ் ஓசை சுமார் 20 டெசிபல் இழக்கிறது என்றால், 3200 ஹெர்ட்ஸ் ஓசை சுமார் 40 டெசிபல் இழக்கும். இருபது டெசிபல் வித்தியாசம் என்பது திறனில் நூறு மடங்கு வித்தியாசம். அதாவது "மைல்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருந்தன: குரல் எவ்வளவு குறைந்தது என்பது ஒன்று, குரலின் மேல்பகுதி எவ்வளவு கூடுதலாக வெட்டுப்பட்டது என்பது இன்னொன்று. போர்வைக்குள் இருந்து பேசுவது போலக் கேட்பது இந்த இரண்டாவதுதான்.

1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. வெற்றிடக் குழாய் பெருக்கிகளை வழியில் வைத்துத்தான் அது சாத்தியமானது. இதற்குப் பிறகு சத்தம் பெரிய பிரச்சினை இல்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெருக்கிக்கொள்ளலாம். அப்போதுதான் அந்தச் சங்கடமான உண்மை வெளியே வந்தது. போதுமான சத்தம் இருந்தும் புரியாத குரல்கள் இருந்தன.

1920களின் முதல் பாதியில் பெல் பொறியாளர்கள் மைல் கணக்கைக் கைவிட்டு, அலைவெண்ணைச் சார்ந்திராத ஒரு சுத்தமான விகித அளவைக் கொண்டுவந்தார்கள். பழக்கப்பட்டவர்களுக்குத் தொல்லை இருக்கக் கூடாது என்று, ஏறக்குறைய பழைய ஒரு மைல் இழப்புக்குச் சமமாகவே புது அலகை அமைத்தார்கள். முதலில் அதற்கு "டிரான்ஸ்மிஷன் யூனிட்" என்று பெயர். 1920களின் கடைசியில் கிரஹாம் பெல் நினைவாக டெசிபல் ஆனது. இன்று பட்டாசுச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் சொல்கிற டெசிபல், சத்தத்தையும் அமுக்கத்தையும் பிரித்து அளக்க வேண்டிய ஒரு தொலைபேசிக் கட்டாயத்தில் பிறந்தது.

அர்த்தமில்லாத அசைகளின் பரீட்சை

சத்தத்துக்கு டெசிபல் வந்துவிட்டது. தெளிவை எதனால் அளப்பது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் ஹார்வி ஃபிளெட்சர். 1916இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் சேர்ந்து, பிறகு பெல் ஆய்வகத்தில் பேச்சு, செவி ஆராய்ச்சியை நடத்தியவர். அவருக்கு முன்பே 1910இல் ஜார்ஜ் கேம்பெல் தொலைபேசியில் எந்த மெய்யொலி எதுவாகத் தவறிக் கேட்கிறது என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஃபிளெட்சரும் உடன் இருந்தவர்களும் அதை ஒரு முறையான பரீட்சையாக ஆக்கினார்கள்.

பரீட்சை எளிமையானது. ஒருவர் ஃபோனில் அர்த்தமே இல்லாத அசைகளை வாசிப்பார். மெய், உயிர், மெய் என்று ஒவ்வொன்றிலும் மூன்று ஒலிகள். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை எழுத வேண்டும். பிறகு திருத்தி மதிப்பெண் போடுவார்கள். ஏன் அர்த்தமில்லாத அசை? நிஜ வாக்கியமாக இருந்தால் மனசு இட்டு நிரப்பிவிடும். "நாளைக்குச் சாயங்காலம் ஊருக்கு வ...றேன்" என்று பாதி விழுங்கிக் கேட்டாலும் நமக்கு முழுசாகப் புரியும். அது ஃபோனின் சாமர்த்தியம் இல்லை, நம்முடையது. ஃபோனை மட்டும் சோதிக்க வேண்டுமானால் நம் சாமர்த்தியத்தைக் கழித்துவிட வேண்டும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஒலியும் பத்துக்கு ஒன்பது முறை சரியாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ஒலிகளும் சரியாக வந்தால்தான் அசை சரி. 0.9 × 0.9 × 0.9 = 0.73. நூறில் இருபத்தேழு அசை தப்பு. இதையே ஃபோனில் சொல்கிற எண்களுக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இலக்கமும் நூறில் தொண்ணூற்றைந்து முறை சரியாகக் கேட்டாலும், பத்து இலக்க கைபேசி எண் முழுக்கச் சரியாக வருவது நூறில் அறுபது முறைதான். எண்ணுக்கு முன்பின் அர்த்தம் கிடையாது, மனசால் இட்டு நிரப்ப முடியாது. அமுங்கிய ஃபோனில் அரட்டை அடிக்கலாம். மருந்தின் பெயரையும் பணத்தொகையையும் கேட்டு எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

இந்தப் பரீட்சையை வடிகட்டிகள் வைத்துத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். ஒரு முறை குரலின் கீழ்ப்பகுதியை வெட்டுவது, இன்னொரு முறை மேல்பகுதியை வெட்டுவது. கிடைத்த விடை பலருக்கும் ஆச்சரியம். குரலின் ஆற்றலில் பாதிக்கு மேல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அதை முழுவதும் வெட்டி எறிந்தாலும் புரிதல் கொஞ்சம்தான் குறைகிறது. 1500 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதை வெட்டினால் அசைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. 1947இல் ஃபிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைத் தராசில் வைத்துக் காட்டியது: 1900 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் கேட்டாலும், மேலே உள்ளதை மட்டும் கேட்டாலும், புரிதல் ஏறக்குறைய சமம்.

தமிழில் சொல்வதானால் இது ரொம்ப எளிது. உயிரெழுத்து சத்தத்தைத் தருகிறது. மெய்யெழுத்து பொருளைத் தருகிறது. "ஆ" என்று கத்தினால் தெருவுக்கே கேட்கும். ஆனால் அது காவா, தாவா, பாவா என்று பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன வெடிப்பு. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 1500க்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. "ஸ்" என்ற சீறலின் பெரும்பகுதி 4000க்கும் மேலே. போர்வை போர்த்திய குரலில் உயிர் முழுசாக வந்து சேர்கிறது, மெய் வழியிலேயே தங்கிவிடுகிறது. "சத்தம் வருது, புரியல" என்பதற்கு முழு விளக்கம் இதுதான்.

வால்யூமைக் கூட்டினால் ஏன் தீர்வதில்லை? 1924இல் வெகல், லேன் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். தாழ்ந்த ஓசை உயர்ந்த ஓசையை மறைக்கும், அதுவும் தாழ்ந்த ஓசை பலமாகும்போது மிகவும் மறைக்கும். தலைகீழாக அவ்வளவு நடப்பதில்லை. அமுங்கிய ஃபோனில் வால்யூமை ஏற்றினால் ஏற்கெனவே பலமாக இருக்கும் உயிர் இன்னும் பலமாகி, மெல்லிய மெய்யின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

3400 என்ற வேலி

இதெல்லாம் தெரிந்தும் ஏன் ஃபோனில் முழுக் குரலை அனுப்பவில்லை? காசுதான் காரணம். 1930களில் ஒரே கம்பியில் பல உரையாடல்களை அடுக்கி அனுப்பும் முறை பரவியது. ஒவ்வொரு உரையாடலுக்கும் எவ்வளவு அகலம் விடுகிறோமோ, அவ்வளவுக்கு எண்ணிக்கை குறையும். ஒன்றுக்கு 4000 ஹெர்ட்ஸ் என்று முடிவு செய்தார்கள். நடுவில் வேலி போட இடம் விட்டதுபோக, குரலுக்குக் கிடைத்தது 300 முதல் 3400 வரை. வாக்கியம் புரிய இது போதும் என்பதைப் பரீட்சைகள் உறுதி செய்திருந்தன. "ஸ்" போய்விடும், பரவாயில்லை, மனசு இட்டு நிரப்பிக்கொள்ளும். எஸ், எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஃபோனில் இன்றைக்கும் குழம்புவது இந்த முடிவால்தான். "எஃப் ஃபார் ஃபாதர்" என்று சொல்லித் தீர்த்துக்கொள்கிறோம்.

1962இல் அமெரிக்காவில் டிஜிட்டல் தொலைபேசி வழித்தடம் சேவைக்கு வந்தபோது நொடிக்கு 8000 மாதிரிகள் எடுத்தார்கள். அப்படி எடுத்தால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறித்துவைக்க முடியாது. பழைய வேலி எண்களுக்குள் அப்படியே உறைந்துவிட்டது. கைபேசி வந்தபோதும் அதே 8000 மாதிரிதான். அதையும் நசுக்கி, முதல் ஜிஎஸ்எம் முறையில் நொடிக்கு 13 கிலோபிட் ஆக்கினார்கள். கம்பி போய் அலை வந்தது, வேலி மட்டும் அங்கேயே நின்றது.

வேலி பரவலாக உடைந்தது இந்த நூற்றாண்டில். 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும் அகலக் குரல் முறை 2001இல் கைபேசிகளுக்குத் தரப்படுத்தப்பட்டது. 2009இல் மால்டோவா நாட்டில் அது வணிகச் சேவையாக முதன்முதலில் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதன் வழக்கமான வேகம் நொடிக்கு 12.65 கிலோபிட், பழைய ஜிஎஸ்எம் குரலைவிடக் கொஞ்சம் குறைவு. நசுக்கும் கணிதம் அவ்வளவு முன்னேறியிருந்தது. திரையில் HD அல்லது VoLTE என்று காட்டும் அழைப்புகளில் கேட்பது பெரும்பாலும் இந்தக் குரல்தான். ஆனால் இரண்டு முனையும் நடுவில் உள்ள வலையமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு முனை பழைய முறையில் இருந்தால் மொத்த அழைப்பும் 3400க்குத் திரும்பிவிடும்.

காதோரத்துக் கடைசி அங்குலம்

அகலக் குரல் வந்த பிறகும் சில ஃபோன்கள் அமுங்கித்தான் கேட்கின்றன. காரணம் கடைசி அங்குலத்தில் இருக்கிறது. கறுப்பு ஃபோனின் ரிசீவர் குழிவாக இருக்கும். காதில் அழுத்தினால் காற்று கசியாமல் மூடிக்கொள்ளும். இன்றைய ஃபோன் தட்டையான கண்ணாடி, அதன் உச்சியில் நூல் அகலத்துக்கு ஒரு பிளவு. காதின் மேடுபள்ளத்தில் அது எங்கேயும் முழுசாக மூடாது. கசிவில் தாழ்ந்த ஓசை ஓடிவிடும், குரல் மெலிந்து கேட்கும். ஃபோன்களைச் சோதிக்கும் செயற்கைக் காதுகள்கூட இதற்காக மாற வேண்டியிருந்தது. முதலில் இருந்தது இறுக மூடிய உலோகக் கிண்ணம். பிறகு வந்த சர்வதேசத் தரத்தில், வேண்டுமென்றே கசிவு வைத்த காதும், மடல் வைத்த மென்மையான காதும் சேர்ந்தன.

அந்தப் பிளவுக்குள் ஒரு சன்னமான வலை இருக்கிறது. அதில் தூசியும் கன்னத்து எண்ணெயும் காதழுக்கும் சேர்ந்து ஒரு படலமாகும்போது தேய்வது மேல்பகுதி ஓசைதான் முதலில். படலத்தின் கனத்தை மெதுவான அதிர்வு தள்ளிவிடும். வேகமான அதிர்வுக்கு அது முடியாது. ஆகவே கசிவு குரலை மெலிய வைக்கும், அடைப்பு குரலை அமுக்கும். இரண்டையும் காதாலேயே பிரித்தறியலாம். ஃபோனைச் சற்று மேலே கீழே நகர்த்தும்போது சத்தம் ஏறி இறங்கினால் கசிவும் பொருத்தமும். எங்கே வைத்தாலும் ஒரே போர்வை என்றால் அடைப்பு, அல்லது வலையமைப்பு.

என் மாமா ஒருவருக்கு இதே தொல்லை. எழுபதைத் தாண்டியவர். பரிசோதனை நிலையத்திலிருந்து சர்க்கரை அளவை ஃபோனில் சொல்ல, "நூத்தி அறுவதா எழுவதா?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். பேச்சுவழக்கில் இரண்டு சொல்லும் முதல் பாதியில் மட்டும்தான் வேறு. அந்த வேறுபாடும் பெருமளவு 1500 ஹெர்ட்ஸுக்கு மேலே. "ஃபோன் போச்சு, புதுசு வாங்கணும்" என்றார். வாங்குவதற்கு முன் ஃபிளெட்சரின் பரீட்சையை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

இருபது அசைகள் கொண்ட பட்டியல்கள் சில எழுதிக்கொண்டேன்: கப், தழ், பச், சல் என்கிற மாதிரி. ஒவ்வொரு முறையும் வேறு பட்டியல், ஒரே வேகம். மாமா கேட்டதை ஒரு நோட்டில் எழுதினார். முதலில் சாதாரண அழைப்பு, காதில் வைத்து: இருபதுக்கு 7. அதே அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு: 12. பிறகு இணையம் வழி அழைப்பு, காதில் வைத்து: 8. அதே இணைய அழைப்பு, வயர் வைத்த ஹெட்ஃபோனில்: 16.

இந்த நான்கு எண்களே நோயைச் சொல்லிவிட்டன. இணைய அழைப்பில் அகலக் குரல் வருகிறது. ஆனாலும் இயர்பீஸில் 8தான், ஹெட்ஃபோனில் 16. ஆக முதல் முட்டுக்கட்டை இயர்பீஸ். ஸ்பீக்கரில் வந்த 12க்கும் ஹெட்ஃபோனில் வந்த 16க்கும் நடுவில் உள்ளதில் ஒரு பங்கு வலையமைப்பின் குறையாக இருக்கலாம். 16க்கு மேல் போகாதது ஓரளவு வயதான காதின் கணக்கு. வயதில் முதலில் குறைவதும் உயர்ந்த ஓசைதான். ஒரே ஆள், சில பட்டியல், இது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் கையை வைக்க வேண்டும் என்று சொல்ல இது போதும்.

திரைக்கு ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸ் லேசாக மேலே ஏறி, பிளவில் பாதியை மூடியிருந்தது. அதைக் கழற்றினோம். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் வலையைத் தேய்த்தோம். தலைகீழாகப் பிடித்தால்தான் உதிர்வது வெளியே விழும். ஊசி கூடாது, வலை கிழியும். தண்ணீரோ ஸ்பிரிட்டோ விட்டால் அழுக்கு கரைந்து உள்ளே போய் உறையும். காற்று அடித்தாலும் உள்ளேதான் தள்ளும். இதற்குப் பிறகு இயர்பீஸில் இணைய அழைப்பு 15 ஆனது, சாதாரண அழைப்பு 11. மிச்ச வித்தியாசம் வலையமைப்புடையது. அமைப்புகளில் பார்த்தால் VoLTE அணைந்து கிடந்தது. அதை இயக்கிய பிறகு சாதாரண அழைப்பும் 14க்கு வந்தது. புது ஃபோன் வாங்கவில்லை. பிரஷுக்கும் சரியாகாமல், ஸ்பீக்கரில் மட்டும் தெளிவாக இருந்தால், அழுக்கு வலைக்கு உள்பக்கம் போயிருக்கும் அல்லது இயர்பீஸே பழுதாகியிருக்கும். அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒருவர் குரல் மட்டும் அமுங்கி, மற்ற எல்லார் குரலும் தெளிவாக வந்தால் நம் ஃபோனை நோண்ட வேண்டாம். அவர் பக்கத்து மைக்கைக் கவரோ விரலோ மூடியிருக்கும், அல்லது அவர் பழைய வலையமைப்பில் இருப்பார்.

வலையும் வலையமைப்பும் சரியாக இருந்தாலும் காதின் வயது மாறப்போவதில்லை. அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. எண் சொல்லும்போது "ஏழு, செவன், எட்டு, எயிட்" என்று இரண்டு மொழியிலும் சொல்வோம். தமிழில் நழுவின மெய் ஆங்கிலத்தில் பிடிபடும். இரண்டும் ஒரே சமயத்தில் நழுவுவது அபூர்வம். வயதானவர்களிடம் மருந்து அளவோ பணமோ சொல்லும்போது, குரலை உயர்த்துவதைவிட இப்படி இரண்டு முறை சொல்வதும், மெய்யெழுத்தை அழுத்தி நிதானமாகச் சொல்வதும் அதிகம் உதவும். கத்தினால் பெரிதாவது உயிர். அது அவர்களுக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.